டியூஷன் சென்டர் வலைத்தளம்: ஒவ்வொரு வகுப்புக்குமான பக்கத்தைக் கூகுள் தேடலுக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

மதுரை கே.கே.நகரில் டியூஷன் சென்டர் நடத்தும் நண்பர் ஒருவர் தன் வலைத்தளத்தைத் திறந்து காட்டினார். மேலே `Services` என்று ஒரு பட்டன். அழுத்தினால் ஒரே ஒரு பக்கம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஸ்போக்கன் இங்கிலீஷ் என எல்லாம் ஆளுக்கொரு வரி. அதற்குக் கீழே, மே மாதம் வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸைப் படமாக அப்படியே ஏற்றியிருந்தார். "சென்டர் பேரை அடிச்சா வருது. `12th maths tuition kk nagar madurai`ன்னு அடிச்சா எங்கேயுமே காணோம்" என்றார்.

பெயரை அடிக்கிறவர் ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர். அவர் எப்படியும் வந்துவிடுவார். நமக்கு வேண்டியது பெயர் தெரியாமல் பாடத்தையும் ஊரையும் அடித்துத் தேடுகிற அம்மா அப்பாக்கள். அவர்கள் தேடும்போது கூகுள் மேலே மேப்புடன் சில சென்டர்களைக் காட்டும், அதற்குக் கீழே வலைப்பக்கங்களைக் காட்டும். மேப்பில் யார் வருவது என்பது பெரும்பாலும் கூகுளில் சென்டருக்கென்று உள்ள பிசினஸ் புரொஃபைல், தேடுகிறவருக்கும் சென்டருக்கும் உள்ள தூரம், ரிவ்யூக்கள் ஆகியவற்றைப் பொறுத்தது. அது தனிக் கதை. இங்கே சொல்லப்போவது நம் பக்கத்துக்குள் நாமே உட்கார்ந்து செய்யக்கூடியவை மட்டும். நண்பரின் பிளஸ் டூ கணிதப் பக்கத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

## முதல் வேலை: போன் பக்கத்தில் ஒரு நோட்டு

எந்தச் சொல்லைப் பக்கத்தில் வைப்பது என்று கண்டுபிடிக்கக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. ஒரு பேட்டைக்குள் நடக்கும் டியூஷனுக்கு அவை அதிகம் உதவாது. கே.கே.நகர் அளவில் தேடுகிறவர்கள் எண்ணிக்கை சின்னது. அந்தக் கருவிகள் பல நேரம் பூஜ்யம் என்றே காட்டும். தேடல் இல்லாததால் அல்ல, அளக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருப்பதால்.

அதைவிட நல்ல வழி சென்டரிலேயே இருக்கிறது. ஒரு வாரம், வருகிற ஒவ்வொரு விசாரிப்பு போனிலும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். திருத்த வேண்டாம். நண்பரின் நோட்டில் வந்தவை இந்த மாதிரி இருந்தன: "பிளஸ் டூ மேத்ஸ் மட்டும் தனியா எடுப்பீங்களா?", "தமிழ் மீடியம் பேட்ச் இருக்கா?", "பிசினஸ் மேத்ஸ் எடுக்கறீங்களா?", "மாட்டுத்தாவணியிலிருந்து வரணும், எத்தனை மணிக்கு முடியும்?"

அப்புறம் போனில் கூகுளைத் திறந்து `12th maths tuition` வரை அடித்து நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். `plus two`, `+2`, `12th` என மூன்று விதமாகவும் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் வீட்டில் தமிழில் பேசுகிறவர்கள்கூடத் தேடும்போது இங்கிலீஷ் எழுத்தில்தான் அதிகம் அடிக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். `near me` என்று வந்தால் அதைப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாகக் கூகுள் தேடுகிறவரின் இருப்பிடத்தை எடுத்துக்கொள்ளும். 'நியர் மீ டியூஷன்' என்று தலைப்பு வைத்த பக்கங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

## எத்தனை பக்கம் வேண்டும்?

ஒரே பக்கத்தில் பன்னிரண்டு வகுப்புகள் இருந்தால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்ல முடியாது. அதற்காக வகுப்பையும் பாடத்தையும் பெருக்கி நாற்பது பக்கம் போடுவதும் தப்பு. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: பெற்றோர் கேட்கும் கேள்விக்குப் பதில் மாறினால் தனிப் பக்கம், மாறாவிட்டால் ஒரே பக்கம்.

ஆறு முதல் எட்டு வரை ஒரே டீச்சர், எல்லாப் பாடமும், ஒரே நேரம் என்றால் ஒரு பக்கம் போதும். பத்தாம் வகுப்பைப் பெற்றோர் பெரும்பாலும் மொத்தமாகவே கேட்கிறார்கள், அதற்கு ஒரு பக்கம். பிளஸ் டூவில் கதை மாறுகிறது. கணிதத்துக்கு ஓர் இடம், இயற்பியலுக்கு இன்னோர் இடம் என்று பிள்ளைகள் பிரிந்து போவார்கள். அதனால் பாடத்துக்கு ஒரு பக்கம். சிபிஎஸ்இக்குத் தனி பேட்ச் இருந்தால் அதற்கும் தனிப் பக்கம். அதே பேட்சில் இரண்டு பாடத்திட்டப் பிள்ளைகளையும் உட்கார வைக்கிறீர்கள் என்றால், வலைத்தளத்தில் மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள். நண்பருக்கு இந்தக் கணக்கில் எட்டுப் பக்கங்கள் வந்தன.

இங்கேதான் ஓர் ஆசை தலைதூக்கும். கே.கே.நகருக்கு ஒரு பக்கம், அண்ணா நகருக்கு ஒன்று, மாட்டுத்தாவணிக்கு ஒன்று, ஒத்தக்கடைக்கு ஒன்று என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அதே எழுத்தை நகல் எடுத்துப் போடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வாசல் மாதிரி வைத்து எல்லோரையும் ஒரே இடத்துக்கு இழுக்கும் இப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. அந்த ஊரில் உண்மையாகவே கிளை இருந்தால் மட்டும் தனிப் பக்கம். இல்லையென்றால், பிள்ளைகள் எந்தெந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பத்தி எழுதினால் போதும். ஊர்ப்பெயர்கள் அதில் தானாக வந்துவிடும்.

## முகவரி, தலைப்பு, விவரிப்பு

பக்கத்தின் முகவரியை இங்கிலீஷ் எழுத்தில், சின்னதாக, சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு வையுங்கள்: `/12th-maths-tuition-kk-nagar/`. தமிழில் வைத்தாலும் கூகுளுக்குப் புரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது பல நேரம் `%E0%AE` என்று தொடங்கும் நீண்ட குறியீட்டு வாலாக மாறிவிடும். பார்க்கிறவர் ஏதோ வைரஸ் லிங்க் என்று நினைப்பார்.

அடுத்து டைட்டில். பக்கத்துக்குள் செய்யும் வேலைகளில் நேரம் செலவிடத் தகுந்த ஒரு வரி இதுதான். தேடல் முடிவில் நீல நிறத்தில் பெரிதாகத் தெரிவதும் இதுதான். நண்பரின் பழைய டைட்டில் எல்லாப் பக்கத்திலும் `Home - Best Tuition Centre` என்றே இருந்தது. மாற்றியது இப்படி:

```html
<title>12th Maths Tuition in KK Nagar, Madurai | State Board</title>
<meta name="description" content="+2 Maths tuition near KK Nagar Arch. Tamil and English medium batches, Mon/Wed/Fri 6 to 7.30 pm, Sunday tests. Fees and timings inside.">
```

வகுப்பு, பாடம், பேட்டை, ஊர், பாடத்திட்டம். அவ்வளவுதான். டைட்டிலுக்கு எழுத்துக் கணக்கு என்று கூகுள் எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்குள் அடங்காததை வெட்டிவிடும். இங்கிலீஷில் 50 முதல் 60 எழுத்து வரை பொதுவாகத் தப்பும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் அதைவிடக் குறைவாகத்தான் வைக்க முடியும். எனவே முக்கியமான சொற்கள் முன்னால், சென்டர் பெயர் இடமிருந்தால் கடைசியில். `Best`, `No.1` போன்றவற்றை எடுத்துவிட்டோம். பக்கத்துத் தெரு சென்டரும் அதையேதான் எழுதியிருக்கிறது.

சில நேரம் நீங்கள் எழுதிய டைட்டிலை விட்டுவிட்டுக் கூகுள் வேறொன்றைக் காட்டும். டைட்டில் ஒன்று சொல்ல, பக்கத்தின் பெரிய தலைப்பு வேறொன்று சொன்னால் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பக்கத்தின் `<h1>` தலைப்பும் அதே விஷயத்தையே சொல்லட்டும். "வெற்றிக்கு வழி இங்கே" என்பது போன்ற வாசகம் வேண்டுமென்றால் அதை h1 இல்லாமல் வெறும் எழுத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள். நிறைய ரெடிமேட் டெம்ப்ளேட்களில் லோகோவுக்கும் பேனர் வாசகத்துக்கும் h1 கொடுத்து வைத்திருப்பார்கள், அதையும் ஒருமுறை பாருங்கள்.

விவரிப்பு, அதாவது அந்த `description` வரி, தரவரிசையை உயர்த்தாது. பார்த்தவரைக் கிளிக் செய்ய வைக்கும், அவ்வளவே. `keywords` என்று இன்னொரு வரி உண்டு. அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதில் ஐம்பது சொற்களைத் திணித்துவிட்டு 'எஸ்இஓ செய்தாச்சு', அதாவது தேடலுக்கு ஏற்ப அமைத்தாச்சு, என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

## உள்ளே என்ன எழுதுவது?

இப்போது அந்த நோட்டை எடுங்கள். பக்கத்தின் உள்ளடக்கம் அதற்குள்தான் இருக்கிறது. நண்பர் முதலில் எழுதித் தந்தது இப்படித் தொடங்கியது: "கல்வியே கண்ணெனக் கருதும் எங்கள் நிறுவனம், தரமான கல்வியைச் சிறந்த ஆசிரியர்களைக் கொண்டு வழங்கி வருகிறது." இதில் கணிதம் இல்லை, பிளஸ் டூ இல்லை, மதுரை இல்லை. சமையல் வகுப்புக்குக்கூட இதே வரியைப் போடலாம். இருவரும் உட்கார்ந்து மாற்றியது இது:

> மதுரை கே.கே.நகர் ஆர்ச் அருகே, தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணித டியூஷன். தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டுக்கும் தனித்தனி பேட்ச். திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 7.30 வரை வகுப்பு, ஞாயிறு காலை தேர்வு. ஒரு பேட்சில் 18 பேர். பிசினஸ் மேத்ஸ் எடுப்பதில்லை.

கடைசி வாக்கியத்தை நண்பர் எடுத்துவிடச் சொன்னார். இல்லாததை ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி. ஆனால் நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி அது. வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளின் கணிதம் வேறு பாடம், வேறு புத்தகம். பக்கத்திலேயே சொல்லிவிட்டால் தவறான ஆள் போன் செய்யமாட்டார், சரியான ஆளுக்குச் சந்தேகமும் இருக்காது.

இதற்குக் கீழே பாடம் எப்படி நடக்கும் என்பது. இங்கே டீச்சரின் அறிவு தெரிய வேண்டும். பிளஸ் டூ கணிதப் புத்தகம் இரண்டு தொகுதி, தொகுதிக்கு ஆறு பாடம். முதல் தொகுதியை எந்த மாதத்துக்குள் முடிப்பீர்கள்? இரண்டாவதை எப்போது முடித்து ரிவிஷன் தொடங்குவீர்கள்? வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள், கட்டாயம் எழுத வேண்டிய ஏழு ஐந்து மதிப்பெண் கேள்விகள். ஞாயிறு தேர்வு அதே அமைப்பில் நடக்கிறதா, வாரம் ஒரு பாடமா? கலப்பெண்களிலும் வெக்டரிலும் பிள்ளைகள் தடுமாறினால் என்ன செய்கிறீர்கள்? இதைப் பற்றி நண்பர் வாயால் சொன்னதையே ரெக்கார்டு செய்து எழுதினோம். வெளியாளிடம் கூலிக்கு எழுத வாங்கியிருந்தால் இந்தப் பத்தி கிடைத்திருக்காது. வேறெந்தப் பக்கத்திலும் இல்லாத விஷயம் நம் பக்கத்தில் இருக்கிறது என்று கூகுளுக்குக் காட்டுவதும் இப்படிப்பட்ட பத்திதான்.

அப்புறம் கட்டணம். போடலாமா வேண்டாமா என்று எல்லோரும் தயங்குவார்கள். என் கருத்து, போடுங்கள். சரியான தொகை சொல்லத் தயக்கம் என்றால் மாதத்துக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்றாவது எழுதுங்கள். பக்கத்தைத் திறந்தவர் தேடுவதே அதைத்தான். கிடைக்காவிட்டால் பின்னால் போய் அடுத்த சென்டரைத் திறப்பார்.

எவ்வளவு நீளம் என்று கேட்பீர்கள். சொல் கணக்கு எதுவும் கிடையாது. நோட்டில் உள்ள கேள்விகள் தீர்ந்ததும் பக்கம் முடிந்தது. `12th maths tuition in madurai` என்பதை ஒரே பத்தியில் ஆறு முறை எழுதினால் படிக்கிறவருக்கு எரிச்சல், கூகுளுக்கு ஸ்பேம். தலைப்பில் ஒரு முறை, தொடக்கப் பத்தியில் இயல்பாக ஒரு முறை, அது போதும்.

கேள்வி பதில் பகுதி வைத்தால் அதற்கு ஸ்கீமா, அதாவது உள்ளடக்கத்தைக் கூகுளுக்குப் பிரித்துச் சொல்லும் குறியீடு, போட்டுத் தேடல் முடிவிலேயே விரிய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வசதியை 2023 ஆகஸ்டில் கூகுள் பிரபலமான அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. கேள்வி பதில் படிக்கிறவருக்கு உதவினால் வையுங்கள், ஸ்கீமாவுக்காக வேண்டாம்.

## படத்துக்குள் பூட்டிய எழுத்தும் பாமினியும்

நண்பரின் பக்கத்தில் நேரம், கட்டணம், முகவரி எல்லாமே இருந்தன. ஆனால் நோட்டீஸ் படத்துக்குள். படத்தில் உள்ள எழுத்தை நம்பி இருக்கக் கூடாது. செய்ய வேண்டியது சுலபம்: பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, கட்டணம் எழுதிய இடத்தின் மேல் மவுஸை இழுத்து, எழுத்தை மட்டும் காப்பி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதைத் தட்டச்சு செய்து போடுங்கள். நோட்டீஸ் படமும் இருக்கட்டும், தப்பில்லை. அதன் `alt` இடத்தில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொரு கோளாறு தமிழுக்கே உரியது. அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தவர் அதே ஃபைலை வலைத்தளத்துக்கும் கொடுத்திருப்பார். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குக் 'கணிதம்' என்று தெரியும். ஆனால் உள்ளே இருப்பது இது:

```text
fzpjk;
```

கூகுள் படிப்பதும் இதைத்தான். கண்டுபிடிக்க, பக்கத்திலிருந்து ஒரு சொல்லை காப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோட், பயமில்லை. இப்படி இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டினால் முழுப் பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், இங்கிலீஷ் சொற்களும் போன் நம்பரைச் சுற்றியுள்ள குறிகளும் கந்தலாகியிருக்கும்.

## தமிழா, இங்கிலீஷா?

இரண்டையும் ஒரே பக்கத்தில் பத்தி பத்தியாக மாற்றி மாற்றிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். பக்கம் எந்த மொழி என்பதைக் கூகுள் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்தே முடிவு செய்கிறது. பாதிப் பாதியாக இருந்தால் அதற்கும் குழப்பம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பக்கமாக வைத்து, ஒன்றுக்கொன்று தொடர்பைச் சொல்லிவிடுங்கள்:

```html
<link rel="alternate" hreflang="en-IN" href="https://example.com/12th-maths-tuition-kk-nagar/">
<link rel="alternate" hreflang="ta-IN" href="https://example.com/ta/12th-maths-tuition-kk-nagar/">
```

இந்த இரண்டு வரியும் இரண்டு பக்கத்திலுமே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் கூகுள் கண்டுகொள்ளாது. ஒரு மொழிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தேடல் இங்கிலீஷ் எழுத்தில் வருவதால் எளிய இங்கிலீஷ் பக்கத்தை முதலில் முடியுங்கள். தமிழ் மீடியம் பேட்ச் பெரிதாக இருக்கும் சென்டர் அடுத்ததாகத் தமிழ்ப் பக்கத்தைப் போடலாம். நண்பர் அப்படித்தான் செய்தார். மேலே காட்டிய தமிழ்ப் பத்தி அந்த இரண்டாவது பக்கத்தில் இருப்பது, டைட்டில் இங்கிலீஷ் பக்கத்தினுடையது.

## பக்கங்களைக் கோர்ப்பது

புதுப் பக்கம் போட்டுவிட்டு முகப்பிலிருந்து லிங்க் கொடுக்க மறந்துவிடுவார்கள். எந்தப் பக்கமும் சுட்டாத பக்கத்தைக் கூகுள் கண்டுபிடிக்கவே நாளாகும். முகப்பில் எட்டுப் பக்கங்களுக்கும் லிங்க் வையுங்கள், லிங்க்கின் சொல் 'மேலும் அறிய' என்று இல்லாமல் 'பிளஸ் டூ கணித டியூஷன்' என்றே இருக்கட்டும். கணிதப் பக்கத்திலிருந்து இயற்பியல் பக்கத்துக்கும் ஒன்று கொடுங்கள், ஒரே பிள்ளை இரண்டுக்கும் வருவான்.

சென்டர் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுத்தாக இருக்க வேண்டும், கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். நம்பர் மாறியபோது ஓரிடத்தில் மட்டும் மாற்றியிருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நம்பரை விரலால் தொட்டாலே அழைப்பு போகும்படி `tel:` லிங்க்காக வையுங்கள்.

## பழைய பக்கம், அப்புறம் சரிபார்ப்பு

பழைய `Services` பக்கத்தை அழிக்காதீர்கள். அதை எட்டுப் பக்கங்களுக்கும் வழிகாட்டும் சின்னப் பட்டியலாகச் சுருக்கிவிடுங்கள். ஏதாவது பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் கட்டாயம். வேர்ட்பிரஸில் இதற்கு இலவச பிளகின்கள் இருக்கின்றன.

பிறகு, நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, மேலே உள்ள பெட்டியில் புதுப் பக்கத்தின் முகவரியை ஒட்டுங்கள். இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், இல்லை என்று வந்தால் `Request indexing` அழுத்துங்கள். ஒரு முறை போதும், தினமும் அழுத்தினால் வேகம் கூடாது. காரணமாக `noindex` என்று காட்டினால், தளம் கட்டியவர் வேலை நடக்கும்போது போட்ட தடையை எடுக்க மறந்திருக்கிறார் என்று பொருள். வேர்ட்பிரஸில் அது `Settings` > `Reading` பக்கத்தில் ஒரு டிக்.

சில வாரம் கழித்து `Performance` பகுதியில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, `Queries` பாருங்கள். நண்பரின் கணிதப் பக்கத்துக்கு எதிர்பார்த்த தேடல்களோடு `12th business maths tuition madurai` என்பதும் வந்திருந்தது. எடுப்பதில்லை என்று எழுதிய வரியே அதை இழுத்து வந்தது. அந்தத் தேடல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்து, அந்த பேட்சைத் தொடங்கலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார். தொடங்கினால் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும். பிளஸ் டூ தேடலுக்குப் பத்தாம் வகுப்புப் பக்கம் வந்து நிற்கிறது என்றால், பிளஸ் டூ பக்கத்தில் உள்ளடக்கம் போதவில்லை அல்லது அதற்கு லிங்க் இல்லை.

எண்களைப் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். டியூஷன் தேடல் பள்ளி திறக்கும் நேரத்தில் ஏறி, பிறகு இறங்கும். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், ஆகவே இந்த ஜூனைப் போன ஜூனோடு ஒப்பிடுங்கள். அந்த ஜூன் வருவதற்கு முன், ஏப்ரலிலேயே எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். 2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. நண்பரின் பிளஸ் ஒன் பக்கமோ 'பொதுத்தேர்வுக்குச் சிறப்புப் பயிற்சி' என்றே நெடுநாள் நின்றுகொண்டிருந்தது. ஒரு மாணவியின் அப்பா போன் செய்து கேட்ட பிறகுதான் மாற்றினோம்.